சாவி கைமாறும் இடம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு இரண்டு விளிம்புகள். தெற்கு விளிம்பில் நின்று பார்த்தால் வடக்கு விளிம்பு கண்ணெதிரே தெரியும். பறவை பறந்து போனால் ஏறத்தாழ 16 கிலோமீட்டர்தான். ஆனால் காரில் போவதென்றால் கொலராடோ ஆற்றைச் சுற்றிக்கொண்டு 346 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ஐந்து மணி நேரம் ஆகிவிடும். காலை நம்பியவர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழி உண்டு. ஒரு விளிம்பிலிருந்து பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, தொங்குபாலத்தில் ஆற்றைக் கடந்து, மறு விளிம்புக்கு ஏறிவிடலாம். சவுத் கைபாப், நார்த் கைபாப் என்ற இரு மலைப்பாதைகளும் ஆற்றோரத்தில் ஒன்று சேர்கின்றன. மொத்த நீளம் ஏறத்தாழ 34 கிலோமீட்டர்.

இந்தப் பாதையை ஒரே மூச்சில் ஓடிக் கடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓட்டத்தைவிடப் பெரிய தலைவலி, ஓடி முடித்த பிறகு வருகிறது. கார் ஒரு விளிம்பில் நிற்கும், ஆள் மறு விளிம்பில் நிற்பார். இதற்கு அங்குள்ள ஓட்டக்காரர்களும் நடைப்பயணிகளும் கண்டுபிடித்த வழி அழகானது. நண்பர்கள் இருவர் ஆளுக்கொரு காரை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு விளிம்புக்குப் போய்விடுவார்கள். மறுநாள் விடியலில் இருவரும் எதிரெதிராகப் புறப்படுவார்கள். வழியில் சந்திக்கும் இடத்தில் கார் சாவியை மாற்றிக்கொள்வார்கள். மேலே ஏறியதும் ஒவ்வொருவரும் மற்றவருடைய காரில் ஊர் திரும்பலாம்.

எங்கே சந்திப்பார்கள்? எத்தனை மணிக்கு? பள்ளத்தாக்குக்குள் பெரும்பாலான இடங்களில் கைபேசிச் சிக்னல் கிடையாது. ஆகவே இந்தக் கேள்விக்கான விடையை முந்தின நாள் இரவே காகிதத்தில் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் எல்லோரும் போட்ட கணக்குதான். அந்தக் கணக்கு இந்தப் பாதையில் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே சறுக்கும் என்று பார்ப்பதுதான் சுவையான பகுதி.

பள்ளிக்கூட முறையிலேயே தொடங்கலாம். தெற்கிலிருந்து வருபவர் 34 கிலோமீட்டரை ஆறரை மணி நேரத்தில் முடிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். வடக்கிலிருந்து வருபவர் சற்று நிதானமானவர், அவருக்கு ஏழரை மணி நேரம். அப்படியானால் முன்னவரின் சராசரி வேகம் மணிக்கு 5.23 கிலோமீட்டர், பின்னவருடையது 4.53. இருவரும் எதிரெதிராக வருவதால் ஒவ்வொரு மணி நேரத்திலும் இடைவெளி இரண்டு வேகங்களின் கூட்டுத்தொகை அளவுக்கு, அதாவது 9.76 கிலோமீட்டர் குறைகிறது. 34-ஐ 9.76-ஆல் வகுத்தால் 3.48 மணி நேரம், அதாவது 3 மணி 29 நிமிடம். அந்த நேரத்தில் தெற்கிலிருந்து வருபவர் 18.2 கிலோமீட்டர் வந்திருப்பார். இருவரும் காலை 5 மணிக்குப் புறப்பட்டால் சந்திப்பு 8:29-க்கு.

இந்த முறைக்கு வயது அதிகம். கி.பி. 499-இல் எழுதப்பட்ட ஆரியபடீயத்தின் கணிதப் பகுதியில் ஆரியபட்டர் இதை ஒரே சுலோகத்தில் சொல்லிவிடுகிறார். எதிரெதிர்த் திசையில் செல்பவற்றின் இடைத்தூரத்தை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரே திசையில் செல்பவையானால் வேகங்களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். அவர் மனத்தில் இருந்தவை வானில் நகரும் கோள்கள். கோள்கள் எப்போது ஒன்றையொன்று சந்திக்கும், அல்லது சந்தித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதுதான் அவருடைய கேள்வி.

அதற்கும் முன்பே சீனாவின் ‘கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற பழைய நூல் இதே கணக்கை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. தென்கடலிலிருந்து புறப்படும் காட்டு வாத்து ஏழு நாளில் வடகடலை அடையும். வடகடலிலிருந்து புறப்படும் காட்டு அன்னம் ஒன்பது நாளில் தென்கடலை அடையும். ஒரே நேரத்தில் கிளம்பினால் எப்போது சந்திக்கும்? இதில் தூரமும் சொல்லப்படவில்லை, வேகமும் சொல்லப்படவில்லை. அவை தேவையும் இல்லை. ஒரு நாளில் வாத்து பாதையில் ஏழில் ஒரு பங்கும், அன்னம் ஒன்பதில் ஒரு பங்கும் கடக்கின்றன. இரண்டையும் கூட்டினால் அறுபத்து மூன்றில் பதினாறு பங்கு. ஆகவே 63-ஐ 16-ஆல் வகுத்தால் வரும் நாள்தான் விடை: நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவு. ஓட்டக்காரர்களுக்கு இந்த வடிவம்தான் கைகொடுக்கும். தங்கள் வேகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, அந்தப் பாதையை முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 6.5-ஐ 7.5-ஆல் பெருக்கி, 14-ஆல் வகுத்துப் பாருங்கள். அதே 3.48 வரும்.

இரண்டு முறைகளும் ஒரே விடையைத் தந்துவிட்டன. ஆனாலும் அந்த விடை தவறு.

சிறிய தவறும் அல்ல. இந்த இருவரும் உண்மையில் 8:29-க்கு வெகு முன்னதாக, 7:40-க்கே சந்தித்துவிடுவார்கள். நாற்பத்தொன்பது நிமிட வித்தியாசம். ஆரியபட்டரின் விதியில் பழுதில்லை. அது சீரான வேகத்தை எதிர்பார்க்கிறது. இந்தப் பாதையில் யாரும் சீரான வேகத்தில் ஓட முடியாது. தெற்கு விளிம்பில் சவுத் கைபாப் பாதை தொடங்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரம். வடக்குத் தொடக்கம் இன்னும் உயரம், 2,500 மீட்டர். நடுவே ஆற்றங்கரையில் உள்ள பிரைட் ஏஞ்சல் முகாம் வெறும் 756 மீட்டர். எந்தப் பக்கம் தொடங்கினாலும் முதலில் இறக்கம், கடைசியில் ஏற்றம்.

ஏற்றம் ஓட்டக்காரரை எவ்வளவு தாமதப்படுத்தும்? 1892-இல் ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நைஸ்மித் நடப்பவர்களுக்காக ஒரு கைக்கணக்கு சொன்னார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஆற்றிலிருந்து தெற்கு விளிம்புக்கு 11 கிலோமீட்டர் பாதையில் 1,450 மீட்டர் ஏற வேண்டும். நைஸ்மித் கணக்குப்படி சமதளத்தில் இரண்டேகால் மணி நேரம் ஆகும் இந்தத் தூரம் இங்கே நாலரை மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. நல்ல ஓட்டக்காரர் இதைவிட விரைவாக ஏறுவார் என்றாலும், அவரும் ஏறும்போது இறங்கிய வேகத்தில் பாதியைக்கூடத் தொடுவது கடினம்.

ஆகவே பாதையைத் துண்டு போட வேண்டும். கைபாப் பாதை இதற்கு வசதியாகவே அமைந்திருக்கிறது. தெற்கு விளிம்பிலிருந்து பிரைட் ஏஞ்சல் முகாம்வரை 11 கிலோமீட்டர், செங்குத்தான சரிவு. அங்கிருந்து காட்டன்வுட் முகாம்வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர், ஓடையை ஒட்டிய மென்மையான சாய்வு. காட்டன்வுட்டிலிருந்து வடக்கு விளிம்புவரை மறுபடி 11 கிலோமீட்டர், செங்குத்து. மூன்று துண்டுக்கும் தனித்தனி நேரம் கேட்டால் ஓட்டக்காரர்கள் தங்கள் பழைய பயிற்சிகளை வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

நம் எடுத்துக்காட்டில் தெற்கிலிருந்து வருபவர் 90 நிமிடத்தில் இறங்கிவிடுகிறார். நடுத்துண்டை மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் 120 நிமிடத்தில் கடக்கிறார். கடைசி ஏற்றத்துக்கு 180 நிமிடம். கூட்டினால் அதே ஆறரை மணி நேரம். வடக்கிலிருந்து வருபவருக்கு இறக்கம் 110 நிமிடம், நடுத்துண்டு 120 நிமிடம், தெற்கு ஏற்றம் 220 நிமிடம். மொத்தம் ஏழரை மணி நேரம். சராசரிகள் மாறவே இல்லை.

இனி கடிகாரத்தை ஓடவிட்டு இருவரையும் பின்தொடரலாம். 5 மணிக்குப் புறப்பட்டவர்களில் தெற்கிலிருந்து வருபவர் 6:30-க்குப் பிரைட் ஏஞ்சல் முகாமில் இருப்பார். வடக்கிலிருந்து வருபவர் 6:50-க்குக் காட்டன்வுட்டில் இருப்பார். அந்த 6:50-இல் கணக்கை நிறுத்திப் பார்க்க வேண்டும். தெற்கிலிருந்து வருபவர் நடுத்துண்டில் 20 நிமிடம் ஓடி 2 கிலோமீட்டர் வந்துவிட்டார். துண்டின் மொத்த நீளம் 12. மீதி இடைவெளி 10 கிலோமீட்டர். இருவரும் மணிக்கு ஆறு கிலோமீட்டர் என்றால் இடைவெளி மணிக்கு 12 கிலோமீட்டர் குறையும். 10 கிலோமீட்டர் கரைய 50 நிமிடம். ஆகவே 7:40-க்குச் சந்திப்பு. இடம் தெற்கிலிருந்து 18 கிலோமீட்டர், காட்டன்வுட்டுக்குக் கீழே 5 கிலோமீட்டர். ‘பாக்ஸ்’ என்று அழைக்கப்படும், இரு பக்கமும் கரும்பாறைச் சுவர்கள் நெருங்கி நிற்கும் இடுக்கின் மேல்முனையை ஒட்டிய இடம் அது.

ஆரியபட்டரின் விதியை இங்கே கைவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருவரும் ஒரே துண்டுக்குள், சீரான வேகத்தில் வந்து சேரும் கணம்வரை காத்திருந்து, பிறகு அதே விதியைப் போட்டோம். மலைப்பாதையில் சந்திப்புக் கணக்கு என்பதே எந்தத் துண்டில் சந்திப்பார்கள் என்று கண்டுபிடிப்பதுதான். அது தெரிந்துவிட்டால் மீதி ஒரு வகுத்தல்.

சராசரி ஏன் 49 நிமிடம் ஏமாற்றியது? அது ஒவ்வொருவரின் கடைசி ஏற்றத்தையும் முழுப் பாதைக்கும் பரப்பிவிட்டது. மெய்யாக அந்த ஏற்றங்கள் இரண்டுமே சந்திப்புக்குப் பிறகு வருபவை. சந்திக்கும்வரை இருவரும் தத்தம் வேகமான பகுதியில்தான் இருந்தார்கள். பள்ளத்தாக்குப் பாதையில் சந்திப்பு எப்போதும் இப்படிச் சராசரிக்கு முந்திக்கொள்ளும்.

பள்ளத்துக்குப் பதில் நடுவே மலை இருந்தால்? இதே துண்டுகளைத் தலைகீழாக்கிப் பார்க்கலாம். இருவரும் முதலில் ஏறி, மேட்டுச் சமதளத்தில் ஓடி, மறுபுறம் இறங்குகிறார்கள். துண்டுக்கான நேரங்கள் அவையேதான். தெற்கிலிருந்து வருபவர் 180 நிமிடத்திலும் வடக்கிலிருந்து வருபவர் 220 நிமிடத்திலும் ஏறி முடிப்பார்கள். அப்போது முன்னவர் 40 நிமிடம் கூடுதலாக ஓடி நடுத்துண்டில் 4 கிலோமீட்டர் வந்திருப்பார். மீதி 8 கிலோமீட்டர் கரைய 40 நிமிடம். சந்திப்பு 4 மணி 20 நிமிடத்தில். ஆக, அதே இரண்டு பேர், அதே மொத்த நேரம், அதே சராசரி வேகம். ஆனால் பள்ளத்தில் 2 மணி 40 நிமிடம், மலையில் 4 மணி 20 நிமிடம். சராசரி சொன்ன 3 மணி 29 நிமிடம் இரண்டுக்கும் பொருந்தாமல் நடுவில் நிற்கிறது. சந்திக்கும் இடம் மட்டும் மூன்று கணக்கிலும் 18, 18.2, 19 கிலோமீட்டர் என்று அருகருகே இருக்கிறது. இருவருடைய வேகமும் ஒரே நேரத்தில் கூடி, ஒரே நேரத்தில் குறைவதால் இடம் பெரிதாக நகரவில்லை. ஒருவர் ஏறும்போது மற்றவர் இறங்கும் ஒற்றைச் சரிவாக இருந்தால் இடமும் கிலோமீட்டர் கணக்கில் நகர்ந்துவிடும்.

கணக்குப் போடத் தயங்குபவர்கள் இதைக் கோடு போட்டும் பார்க்கலாம். கட்டமிட்ட தாளில் கிடையாக நேரம், நெடுக்காகத் தூரம். தெற்கிலிருந்து வருபவரின் கோடு கீழிருந்து மேலேறும். வடக்கிலிருந்து வருபவரின் கோடு மேலிருந்து கீழிறங்கும். வேகம் மாறும் இடத்தில் கோடு வளையும். இரண்டு கோடும் வெட்டும் புள்ளிக்கு நேர் கீழே நேரம், நேர் பக்கத்தில் இடம். ஒற்றை ரயில் பாதையில் எந்த ஸ்டேஷனில் எந்த வண்டிக்கு கிராசிங் என்று முடிவு செய்யக் கட்டுப்பாட்டு அறைகளில் காலங்காலமாக வரையப்படும் வரைபடமும் இதுவே. இந்தத் தாள் இன்னொன்றையும் காட்டும். ஒருவர் எத்தனை முறை உட்கார்ந்து இளைப்பாறினாலும், எவ்வளவு மெதுவாக நடந்தாலும், இரு கோடுகளும் வெட்டாமல் போகவே முடியாது. ஒரே பாதையில் வந்தால் சந்திப்பு நிச்சயம்.

நேரம்தான் நிச்சயமில்லை. வடக்கிலிருந்து வருபவர் அரை மணி தாமதமாகக் கிளம்பினார் என்று வையுங்கள். சந்திப்பும் அரை மணி தள்ளிப்போகும் என்றுதான் முதலில் தோன்றும். தாமதமோ பாதியாகிவிடுகிறது. தெற்கிலிருந்து வருபவர் நிற்காமல் வந்துகொண்டே இருப்பதால் இடைவெளியைக் குறைக்கும் வேலையில் பங்கு எடுத்துக்கொள்கிறார். சந்திப்பு 15 நிமிடம் மட்டுமே தள்ளி 7:55-க்கு நடக்கும்; இடம் ஒன்றரை கிலோமீட்டர் வடக்கே நகரும்.

இதையே மறுபக்கமாகத் திருப்பினால் மிகவும் பயனுள்ள ஒன்று கிடைக்கிறது. 7:40-க்கு வர வேண்டிய நண்பர் வரவில்லை. நீங்கள் தொடர்ந்து ஓடுகிறீர்கள். 8:10 ஆகிறது, இன்னும் காணோம். அவர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்? அரை மணி அல்ல, குறைந்தது ஒரு மணி நேரம். வடக்கிலிருந்து வரும் நீங்கள் அந்த அரை மணியில் இன்னும் 3 கிலோமீட்டர் தெற்கே வந்துவிட்டீர்கள். திட்டப்படி அவர் அந்த இடத்தை 7:10-க்கே தாண்டியிருக்க வேண்டும். சம வேகத்தில் ஓடும்போது, குறித்த நேரம் கடந்து போகும் ஒவ்வொரு நிமிடமும் எதிரில் வருபவரின் இரண்டு நிமிடத் தாமதத்தைச் சொல்கிறது. கோடைக் காலப் பகல்களில் பள்ளத்தாக்கின் அடியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தெற்குச் சரிவில் குடிநீர் கிடையாது. அங்கே ஒரு மணி நேரத் தாமதத்தை ஒரு மணி நேரத் தாமதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனவே அனுபவமுள்ளவர்கள் சந்திப்பை வழியில் எங்கேயோ நடக்கட்டும் என்று விடாமல், நிழலும் தண்ணீரும் உள்ள இடத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். இதற்குப் புறப்படும் நேரத்தை மாற்றினால் போதும். காட்டன்வுட் முகாமில் சந்திக்க வேண்டுமா? தெற்கிலிருந்து வருபவருக்கு அங்கே வர 210 நிமிடம், வடக்கிலிருந்து வருபவருக்கு 110. வித்தியாசம் 100 நிமிடம். தெற்கிலிருந்து 5 மணிக்கும் வடக்கிலிருந்து 6:40-க்கும் கிளம்பினால் இருவரும் 8:30-க்கு அங்கே இருப்பார்கள். பிரைட் ஏஞ்சல் முகாமுக்கு அருகிலேயே இருக்கும் ஃபேன்டம் ராஞ்ச் விடுதி பிடித்திருந்தால் கணக்கு திரும்பிவிடும்: தெற்குக்கு 90, வடக்குக்கு 230. வடக்கிலிருந்து வருபவர் 140 நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். ஆனால் அவர் பாக்ஸ் இடுக்கை முழுவதும் கடந்து வர வேண்டியிருக்கும். சூடேறிய பாறைச் சுவர்கள் அடுப்பாகக் காயும் அந்தப் பகுதியை நண்பகல் வெயிலில் தவிர்க்கும்படி பூங்கா நிர்வாகமே அறிவுறுத்துகிறது. ஆற்றுவரை இறங்கி அன்றே மேலேறுவதையும் அது ஊக்குவிப்பதில்லை. 2025 ஜூலையில் வடக்கு விளிம்பின் பழைய விடுதியை எரித்த டிராகன் பிராவோ காட்டுத்தீக்குப் பிறகு, பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே எந்தத் திட்டமும் போட வேண்டும்.

கோடுகள் வெட்டியே தீரும் என்ற உறுதி, இருவரும் ஒரே பாதையில் வந்தால் மட்டுமே. கிராண்ட் கேன்யனில் அது உடையக்கூடிய இடங்கள் சில இருக்கின்றன. தெற்கு விளிம்பிலிருந்து ஆற்றுக்கு இறங்க சவுத் கைபாப் தவிர பிரைட் ஏஞ்சல் பாதையும் இருக்கிறது. அது நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆற்றின் மீதும் இரண்டு தொங்குபாலங்கள்: 1928-இல் கட்டி முடிக்கப்பட்ட கறுப்புப் பாலம், அதற்குக் கீழ்ப்புறம் வெள்ளிப் பாலம். ஒருவர் ஒரு பாலத்திலும் மற்றவர் மறு பாலத்திலுமாக ஒரே நேரத்தில் ஆற்றைக் கடந்துவிடலாம். காட்டன்வுட்டுக்குக் கீழே ரிப்பன் அருவிக்குப் பிரியும் கிளைப்பாதை ஒன்று உண்டு. ஃபேன்டம் ராஞ்ச் சிற்றுண்டிச் சாலைக்குள் ஒருவர் எலுமிச்சைச் சாறு குடிக்கும் நேரத்தில் மற்றவர் வாசலைக் கடந்து ஓடிவிட முடியும்.

இவற்றைத் தவிர்க்க முந்தின இரவே சில விஷயங்களில் உடன்பாடு வேண்டும். இறங்குவது சவுத் கைபாப் வழியாக மட்டும், கடப்பது கறுப்புப் பாலத்தை மட்டும். சந்திக்கும்வரை கிளைப்பாதைகளில் கால் வைப்பதில்லை. கட்டடத்துக்குள் போனால் பையை வாசலில், பாதையிலிருந்து தெரியும்படி வைத்துவிட்டுப் போக வேண்டும். சவுத் கைபாப் தொடக்கத்துக்குத் தனியார் கார்கள் போக முடியாது, பூங்காவின் பேருந்தில்தான் போக வேண்டும். அதனால் தன் கார் எந்த நிறுத்துமிடத்தில் நிற்கிறது என்பதைத் தெற்கிலிருந்து வருபவர் எழுதிக் கொடுப்பது அவசியம். வடக்கிலிருந்து வருபவர் யாரையும் காணாமலேயே பிரைட் ஏஞ்சல் முகாமுக்கு வந்துவிட்டால் மணி 8:50 ஆகியிருக்கும். 6:30-க்கே அங்கே வந்திருக்க வேண்டிய நண்பர் இரண்டு மணி 20 நிமிடம் பின்தங்கியிருக்கிறார், அல்லது கண்ணில் படாமல் கடந்து போய்விட்டார். இரண்டில் எது என்று ஊகித்துக்கொண்டு ஏறத் தொடங்காமல், ஃபேன்டம் ராஞ்சில் உள்ள ரேஞ்சர் நிலையத்தின் கதவைத் தட்ட வேண்டிய நேரம் அது.